ஒரு மருத்துவரை மேடையில் அறிமுகம் செய்ய வேண்டும். முறையாகவா, நெருக்கமாகவா, சும்மா பேசுகிற மாதிரியா? எப்படி முடிவு செய்வது?

எதிரே உட்காரப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரை ஏற்கனவே தெரியும் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். எல்லோருக்கும் தெரியும் என்றால் பட்டங்களை வாசிப்பது வெட்டி வேலை. அடுத்து, அவர் பேசி முடித்ததும் கூட்டம் என்ன செய்ய வேண்டும்? குறிப்பெடுத்துக்கொண்டு போனால் போதுமா, கேள்வி கேட்க வேண்டுமா?

இந்த இரண்டாவதை யோசிக்காமல் நான் ஒருமுறை சொதப்பினேன். அவர் சிறுநீரக மருத்துவர். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் வீட்டாருமாக 20 பேர் இருந்த சின்ன அறை. மருத்துவர்கள் மாநாட்டில் படித்த தாளையே அங்கேயும் எடுத்துப் போயிருந்தேன். "சிறுநீரகவியல் துறையில் 20 ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவரும்..." என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் முடித்தேன். மாநாட்டில் எடுபட்ட வரிதான். இங்கே கேள்வி நேரத்தில் ஒரு கைகூட எழவில்லை. கிளம்பும்போது ஒரு அம்மா கதவருகில் சொன்னார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு கேக்கணும்னுதான் வந்தேன். இவ்வளவு பெரிய டாக்டர்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது: "டாக்டர் 20 வருஷமா டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு அவங்ககிட்ட கேக்காதவங்களே இல்ல. நீங்களும் தாராளமா கேளுங்க." அதே 20 வருடம்தான். மாநாட்டில் அது தகுதி. இங்கே, கேட்டால் கோபப்பட மாட்டார் என்ற தைரியம்.

அவருக்கே பணி ஓய்வு விழா என்றால் நெருக்கமான நடைதான். அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் இடம் என்பதால், கண்ணால் பார்த்த ஒரு சம்பவம் போதும். உங்கள் இருவருக்கு மட்டும் புரிகிற வேடிக்கை என்றால் வெட்டிவிடுங்கள், மற்றவர்கள் முழிப்பார்கள்.

எந்த நடை என்று முடிவானதும் முதல் வாக்கியத்தின் வினையைக் கவனியுங்கள். 'பணியாற்றி வருகிறார்', 'வேலை பார்க்கிறார்', 'வேலை பாக்குறாங்க' மூன்றும் மூன்று தூரத்தில் நிற்பவை. பதற்றத்தில் இவை கலந்து 'பணியாற்றிக்கிட்டு இருக்கிறார்' என்று வந்து விழும். தாளில் பார்த்தால் தெரியாது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

மருத்துவர்களும் நோயாளிகளும் கலந்த கூட்டமா? இரண்டு வாக்கியம் முறையாகச் சொல்லிவிட்டு, அவையைப் பார்த்துப் பேச்சுத் தமிழுக்கு இறங்குங்கள். இறங்குவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அரட்டையாக ஆரம்பித்துப் பாதியில் செந்தமிழுக்கு ஏறினால்தான் யாரோ அதட்டிய மாதிரி இருக்கும். பெயரையும் பதவியையும் மட்டும் எந்த நடையிலும் சுருக்காதீர்கள். அவரிடமே ஒருமுறை சொல்லிக்காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.