லீவுப் பொறுப்பு: மொத்தம் சரி, உள்ளே தவறு

"கடலூர் சிப்காட்டில் 38 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் 31 அன்று லீவு என்காஷ்மென்ட்டுக்கு ஒதுக்கிய தொகை போன வருடத் தொகையோடு ஒட்டித்தான் வருகிறது. இருந்தும் ஆடிட்டர் மஸ்டர் ரோல், சம்பளப் பட்டியல் எல்லாம் கேட்கிறார். எதற்கு?"

மொத்தம் ஒத்துப்போவதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதே இல்லை. நாள் ஒரு பக்கம், ஒரு நாள் சம்பளம் இன்னொரு பக்கம்; இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலில் அவருக்கு 53 நாள் ஈட்டிய விடுப்பு, நாளுக்கு 700 ரூபாய், ஆக 37,100 ரூபாய் என்று இருக்கிறது. இப்போது லீவு கார்டைப் பாருங்கள். தொடக்க இருப்பு 42. வருடத்தில் 280 நாள் வேலை செய்திருக்கிறார். சட்டப்படி 20 நாளுக்கு ஒன்று வீதம் 14 நாள் சேரும். கார்டில் எடுத்த லீவு 3 நாள், அதனால் இருப்பு 53. ஆனால் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் மார்ச் கடைசி வாரத்தில் இன்னும் 6 நாள் லீவு இருக்கிறது. விண்ணப்பம் ஏப்ரலில்தான் வந்தது, கார்டிலும் அப்போதுதான் ஏறியது. உண்மையான இருப்பு 47.

அப்புறம் சம்பளம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ஆக இருந்தது ஜனவரியில் 20,800 ஆனது. 26-ஆல் வகுத்தால் 700 அல்ல, 800. லீவு எந்த வருடம் சேர்ந்தது என்பது பொருட்டல்ல. மார்ச் 31 அன்றைய சம்பளத்தில்தான் எல்லா நாளையும் கணக்கிட வேண்டும். 47 நாளுக்கு 37,600 ரூபாய்.

இரண்டு தவறுக்குப் பிறகும் வித்தியாசம் வெறும் 500 ரூபாய்! ஆடிட்டர் பதிவேடு கேட்பது இதனால்தான்.

எனவே பட்டியலிலிருந்து கார்டுக்குப் போவது போதாது. மஸ்டர் ரோலில் பிப்ரவரி, மார்ச் லீவு நாட்களைக் குறித்துக்கொண்டு, அவை கார்டில் ஏறினவா என்று எதிர்த்திசையிலும் பாருங்கள். மார்ச் சம்பளப் பட்டியலில் இருக்கும் 38 பேரும் லீவுப் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் எண்ணுங்கள். 26-ஆல் வகுப்பதா 30-ஆல் வகுப்பதா என்பதையும் சேர்த்துவைக்கும் உச்ச வரம்பையும் உங்கள் நிறுவன விதியில் பாருங்கள். வருடக் கடைசியில் காலாவதியாகும் கேசுவல் லீவுக்கு ஒதுக்கீடு வேண்டாம்.

ஊழியர் பலன்களுக்கான கணக்கியல் தரமான ஏ.எஸ். 15-இன்படி, உங்களுடையது சிறு, நடுத்தர நிறுவன வரையறைக்குள் இருந்து, வருடச் சராசரி ஆட்கள் 50-க்குக் கீழே என்றால், ஆக்சுவரி இல்லாமல் எல்லோருக்கும் வருடக் கடைசியில் கொடுப்பதுபோல இப்படிக் கணக்கிடலாம். அதைத் தாண்டினால் ஆக்சுவரி மதிப்பீடு வேண்டும். அப்போதும் ஆக்சுவரியிடம் நீங்கள் கொடுப்பது இதே நாளும் சம்பளமும்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் விலகியவர்களின் கணக்குத் தீர்ப்பு ரசீதுகளை எடுத்துவையுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளும் வீதமும் அதில் இருக்கும். மார்ச் 31 பட்டியலோடு அவை பொருந்தவில்லை என்றால் அந்த ஆளின் கார்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.