கிட்டப்பார்வைக்கு எத்தனை டயாப்டர்?

"50 செ.மீ.க்கு அப்பால் புத்தக எழுத்து கலங்குகிறது. நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் பஸ் போர்டு படிக்க முடியவில்லை. என்ன பவர் வரும்?"

கிட்டப்பார்வையில் தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால், அதை முதலில் சற்று விரித்துவிடும் குழிவில்லை தேவைப்படுகிறது. உங்கள் தெளிவின் எல்லை 0.5 மீட்டர், 1-ஐ அதனால் வகுத்தால் 2 வரும், குழிவில்லைக்கு மைனஸ் குறி என்பதால் உங்கள் பவர் ஏறத்தாழ −2 டயாப்டர். ஒவ்வொரு கண்ணையும் தனியே அளக்க வேண்டும்.

பரிசோதனையில் −2.5 போட்டதும் எழுத்து இன்னும் கருப்பாகத் தெரிகிறதே என்று அதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். எழுத்து சிறுத்துக் கறுப்பதைத் தெளிவு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் இளங்கண் தன் தசையை இறுக்கி மிகுதியை ஈடுகட்டுகிறது, பிறகு படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கும். தெளிவு தரும் மிகக் குறைந்த மைனஸே சரியானது. தூரப்பார்வைக்கு நேர்மாறாக, தொலைவு மங்காத மிக அதிக பிளஸ்.