கோரஸ் வரி சின்னதாகவும் இருக்க வேண்டும், திரும்ப வந்தாலும் சலிக்கக் கூடாது: எப்படி எழுதுவது?

*"பாட்டுக்கு கோரஸ் எழுதினால் ரெண்டாவது தடவை பாடும்போதே எனக்கே சலித்துவிடுகிறது. சின்னதாக, யாரும் உடனே கூடப் பாடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப வந்தாலும் அலுக்காமல் ஒரு ஹூக் எழுத என்ன செய்ய வேண்டும்?"*

என் பாட்டு ஒன்றின் ஹூக் எப்படி மாறியது என்று சொல்கிறேன். விளக்கம் அதிலேயே வந்துவிடும்.

விட்டுப் போகிற ஒருவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கப் பார்க்கும் பாட்டு அது. நான் முதலில் எழுதிய வரி: "நீ போகும் முன்னே ஒரு நிமிடம் என் அருகில் இரு". காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகையில் கூடப் பாடியவர்களுக்கு இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. ஏனென்று எண்ணிப் பார்த்தேன். நீ-போ-கும்-முன்-னே என்று பிரித்தால் மொத்தம் பதினாறு ஒலிகள். (யாப்பில் சொல்கிற அசைக் கணக்கு வேறு. இங்கே ஒவ்வொரு உயிரொலியையும் ஒன்றாக எண்ணுகிறேன்.) மெட்டில் இருந்ததோ எட்டு பீட். பீட்டுக்கு இரண்டு ஒலி என்று போட்டாலே எட்டும் நிரம்பிவிடுகிறது, மூச்சு விட இடமில்லை. போதாததற்கு, கடைசி ஒலியை நீட்டும்படி மெட்டு அமைந்திருந்தது. அதற்காக முன்னால் உள்ள சொற்களை இன்னும் நெருக்கிப் பாட வேண்டியிருந்தது.

மூச்சை விடவும் பெரிய தொல்லை அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தது. "இரு" என்பதை நீட்டினால் "இரூ" ஆகிவிடுகிறது. அப்படி ஒரு சொல் கிடையாது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் என்பதால், நீட்டும் சுரத்தில் குறில் விழுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். "விடு" என்று எழுதியதில் முதல் எழுத்தை இழுத்துப் பாடினால் கேட்பவருக்கு "வீடு" என்றே விழும். "கொடு" "கோடு" ஆகும். "காற்று", "பாட்டு", "நேற்று" போன்ற சொற்களில் முடிக்கும்போதும் கவனம் வேண்டும். கடைசியில் வருவது குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அதைப் பிடித்து நீட்டினால் வாய் குவிந்து ஒலி அடைத்துக்கொள்ளும், பத்துப் பேர் சேர்ந்து பாடினால் இன்னும் மோசம். எழுதும்போது அழகாகத் தெரிந்து பாடும்போது ஒட்டாமல் போகிற வரிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நீளமான சுரத்தின் கீழே என்ன எழுத்து இருக்கிறது?

நீட்டும் இடத்துக்கு ஆ, ஏ, ஓ எதுவானாலும் நல்லது. அதற்குப் பின் மெய் வந்தாக வேண்டும் என்றால் ன், ம் மாதிரி மெல்லினமாக இருக்கட்டும், வாயை மூடியபடி முனகலாகவே நீட்டிக்கொள்ளலாம். இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நாம் தினமும் கெஞ்சுகிற தொனி நினைவுக்கு வந்தது: வாயேன், சொல்லேன், இரேன். "இரு" என்பதில் இருக்கும் கட்டளை "இரேன்" என்பதில் இல்லை, பாட்டுக்கு வேண்டியிருந்த குழைவும் அதில் இருக்கிறது. ஹூக் இப்படி ஆனது:

கொஞ்சம் இரேன்

நாலே ஒலி. பாடும்போது கொஞ்-ச-மி-ரேன் என்று தானாகப் புணர்ந்துகொள்கிறது. நீட்டல் முழுவதும் "ரே" மேல். நிமிடம், அருகில், போகும் முன்னே எல்லாம் போய்விட்டன, ஆனால் அவை சொன்ன எதுவும் குறையவில்லை.

அடுத்தது, இதை எட்டு பீட்டில் எங்கே உட்கார வைப்பது? முதல் பீட்டில் நேராகத் தொடங்காமல் அரை பீட் தள்ளி எடுத்தேன். தாளம் முதலில் விழுகிறது, குரல் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நாலாவது பீட்டோடு வரி முடிந்துவிடும். பிறகு நாலு பீட் காலி. எங்கள் வேகம் நிமிடத்துக்கு 96 பீட், அதில் நாலு பீட் என்பது இரண்டரை வினாடி. சலிக்காமல் இருப்பதற்கு அந்த இரண்டரை வினாடியும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். கேட்பவர் மூச்சு விட்டு, அடுத்த முறைக்குத் தயாராகி, தானே எடுக்கிறார். இடைவெளி இல்லாத ஹூக்கில் அவருக்கு வேலை இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதுதான்.

சுரத்துக்கு வருவோம். கோரஸில் அந்த வரி நாலு முறை வருகிறது. முதல் இரண்டு முறை "ப க க ரி". மூன்றாவது முறை மேலே போய் "ப ப த ப". நாலாவது "ப க ரி ச". ச முதல் த வரைதான் எல்லை, பாடத் தெரியாதவருக்கும் குரல் எட்டும். கவனிக்க வேண்டியது முடியும் இடம். முதல் மூன்று முறையும் வரி ஆதார சட்ஜத்தில் இறங்குவதில்லை, தொங்கிக்கொண்டே இருக்கிறது. நான் முதலில் நாலையும் ச-வில் முடித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது, முடிந்த பாட்டை மறுபடி தொடங்கினால் யாருக்கும் அலுக்கும். அதேநேரம் நாலு முறையும் நாலு விதமாக மாற்றினால் மனதில் எதுவும் நிற்காது. கீர்த்தனையில் சங்கதி போடும்போதும் முதலில் வரியை அப்படியே பதியவைத்துவிட்டுத்தானே மெல்ல மாற்றுகிறோம்? அதே முறைதான்.

சரி, ஒரு கோரஸில் நாலு முறை, மூன்று கோரஸ் என்றால் மொத்தம் பன்னிரண்டு முறை. சுரமும் இடைவெளியும் மட்டும் அவ்வளவு தூரம் தாங்காது, பொருளும் நகர வேண்டும். முதல் சரணத்தில், வந்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் மகளிடம் அம்மா "கொஞ்சம் இரேன்" என்கிறாள். இரண்டாவது சரணத்தில் அம்மா படுக்கையில் இருக்கிறாள், மகள் அதே சொல்லை அவளிடம் சொல்கிறாள். ஹூக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கேட்கிறவருக்கு அது வேறு வரியாகிவிடுகிறது. இது நடக்க வேண்டுமானால் ஹூக்கில் ஆள், இடம், நேரம் எதையும் கட்டிப்போடக் கூடாது. என் பழைய வரியில் "ஒரு நிமிடம்" இருந்தது. படுக்கையில் கிடக்கும் அம்மாவிடம் யார் ஒரு நிமிடம் கேட்பார்கள்?

இதே காரணத்தால்தான் ஹூக்கில் புத்திசாலித்தனமான உவமை வேண்டாம் என்கிறேன். உவமையின் சுவை அது பிடிபடும் அந்த முதல் தடவையில் இருக்கிறது. பன்னிரண்டாவது தடவைக்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. உவமைகளைச் சரணத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வாத்தியம் எதுவும் இல்லாமல் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு எட்டு முறை விடாமல் பாடிப் பாருங்கள். எந்தச் சொல்லில் வாய் தடுக்குகிறதோ, எந்தச் சொல்லை நீங்களே அறியாமல் மாற்றிப் பாடுகிறீர்களோ, அதுதான் கோளாறு. அப்புறம், ஒருவரிடம் ஒரே ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு மறுநாள் பாடச் சொல்லுங்கள். என் நண்பர் மறுநாள் மூன்றாவது முறையின் மேல் சுரத்தைச் சரியாகப் பாடினார், ஆனால் "கொஞ்சம்" என்பதை அரை பீட் தள்ளி எடுக்காமல் தாளத்தோடே எடுத்தார். கடைசி கோரஸில் அவர் எடுத்தபடியே வைத்துவிட்டோம். அந்த இடத்தில் வாத்தியங்கள் நின்றுவிடும், குரல் மட்டும் முதல் பீட்டிலேயே விழும், வரி முடிந்தபின் வரும் அந்த நாலு பீட் முழுக்கக் காலியாக இருக்கும்.