ஒரே கும்மிப்பாட்டு, ரெண்டு ஆடியோ பக்கம்

கொழிஞ்சாம்பாறை அக்கா: எங்க அம்மாயி பாடுன கும்மிப்பாட்டை இன்ஸ்டா ரீல்ஸ்ல போட்டேன். இப்ப அந்தப் பாட்டுக்கு ஊரெல்லாம் ஆடுறாங்க. ஆனா கீழ வேற யாரோ பேரு வருதுங்க. எப்படி?

நீங்க அனுப்பின ரெண்டு லிங்கையும் பார்த்தேன்க்கா. ஆப்புல இருக்கிற பாட்டை எடுக்காம நம்ம சத்தத்தோட ஒரு ரீல் போட்டா, அந்தச் சத்தத்துக்குன்னே ஒரு பக்கம் உண்டாகும். வீடியோவுல தெரியுற ஆடியோ பேரைத் தொட்டா அது திறக்கும். மேல போட்டவர் பேரு, கீழ அதே ஆடியோவை எடுத்த வீடியோ எல்லாம் வரிசையா இருக்கும். அங்க `Use audio` அழுத்தி எடுத்தவங்க வீடியோ தானா வந்து சேர்ந்துக்கும். உங்க பேரும் கூடவே போகும்.

உங்க பக்கத்துல 11 வீடியோ இருக்கு, இன்னொரு பக்கத்துல 640. அந்த அக்கவுண்ட்காரர் உங்க வீடியோவை டவுன்லோட் பண்ணி, ஓரத்தை வெட்டி, புதுசா ஏத்தியிருக்கார். புது வீடியோன்னா அவர் பேர்லயே இன்னொரு `Original audio`. ஒரே பதிவுதான்னு எப்படிச் சொல்றேன்னா, உங்க வீடியோவுல ஒன்பதாவது விநாடியில ஒரு மாட்டு மணி கேக்குது. ‘தானானே’ன்னு அம்மாயி இழுக்குறப்ப நடுவுல ஒரு இருமல். அவரோடதுலயும் அதே மணி, அதே இருமல். வேற யாரோ பாடியிருந்தா அந்த மணி அங்க வந்திருக்காது. ரெண்டு வீடியோவோட தேதியையும் இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

வேலந்தாவளம் தம்பி: அண்ணா, கேப்ஷன்ல ‘கிரெடிட்’னு பேரு போட்டு டேக் பண்ணிட்டா லிங்க் ஆயிரும்ல?

பாதி சரிதான் தம்பி. டேக் பண்ணினா உனக்குத் தகவல் வரும், பாக்குறவங்க உன் பேரைத் தொட்டு வருவாங்க. ஆனா அந்த ஆடியோ உன் பக்கத்தோட ஒட்டாது. அந்த வீடியோவைப் பார்த்து எடுக்குற அடுத்த ஆள் டவுன்லோட் பண்ணினவர் ஆடியோவைத்தான் எடுப்பார், மூணாவது ஆளும் அப்படித்தான். 640 சேர்ந்தது இந்த வழியிலதான். பேரு போடுறவங்க மரியாதைக்காரங்க, அதை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா ஆடியோ பக்கம் கேப்ஷனைப் படிக்கிறதில்லை.

கோபாலபுரம் வாசகர்: நான் 2019-ல டிக்டாக்ல பேசுன வசனம் இப்ப ரீல்ஸ்ல வேறொருத்தர் பேர்ல ஓடுது. எனக்கும் அக்காவுக்கு நடந்ததுதானே?

கிட்டத்தட்ட அதேதான், ஆனா உங்களுக்கு ஒரு சிக்கல் கூடுதல். 2020 ஜூன்ல டிக்டாக் இந்தியாவுல தடை ஆயிருச்சு. அங்க உங்க பேர்ல இருந்த சவுண்ட் பக்கம் இந்த ஆப்புக்கு வரலை. இங்க முதல்ல ஏத்தினவர் பேர்ல பக்கம் வந்திருச்சு. உங்க பழைய போன்ல மூல வீடியோ இருக்கான்னு முதல்ல தேடுங்க. அதுதான் கையில நிக்கிற ஆதாரம்.

கொழிஞ்சாம்பாறை அக்கா (திரும்பவும்): பாட்டு அம்மாயியோட அம்மா காலத்துது. எங்களுக்கு உரிமை இருக்காங்க?

பாட்டு ஊர்ச்சொத்து, யார் வேணா பாடலாம். ஆனா பதிவு செஞ்சது நீங்க. 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் உரிமை உண்டு. பாடின அம்மாயிக்குத் தனியா கலைஞர் உரிமை உண்டு, அது 50 வருஷம். அதனால காப்புரிமைப் புகார் நீங்க கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்காகக் கொடுத்தா எடுபடாது. உங்க ரீல் லிங்க், அவர் ரீல் லிங்க் ரெண்டும் தெளிவா போடுங்க. ஒண்ணு ஞாபகம் வைங்க, நீங்க கொடுக்குற பேரும் மெயிலும் அவருக்குப் போகும். வீட்டு மெயில் வேண்டாம், தனியா ஒண்ணு வைங்க.

நான் பார்த்த வரைக்கும், அவர் ரீல் போனாலும் அந்த 640-ம் உங்க பக்கத்துக்குத் தாவி வராது. அதனால புகாருக்கு முன்னாடி அவர்கிட்ட நேரா ஒரு மெசேஜ் அனுப்பிப் பாக்குறது நல்லது. கேப்ஷன்ல உங்க ஆடியோ லிங்க்கையும் அம்மாயி பேரையும் போடச் சொல்லுங்க. அவர் ஒத்துக்குவாரான்னு என்னால சொல்ல முடியாதுக்கா.

சித்தூர் ஆசிரியர்: ஆடியோவுக்கு மலையாளத்துல பேரு வைக்கிறதா, தமிழ்லயா?

இது முக்கியமான கேள்வி டீச்சர். போட்டதுக்கு அப்புறம் பேரை ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும். `Original audio`னே விட்டா தேடுறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. நம்ம எல்லையில பசங்க ரெண்டு எழுத்தும் படிக்கிறாங்க, ஆனா தேடும்போது பலர் ஆங்கில எழுத்துலதான் தட்டுறாங்க. அதனால நான் அக்காவுக்குச் சொன்னது: `Kummi pattu - Kozhinjampara` வைங்க, அம்மாயி பேரும் அதுலயே வரட்டும். அழுத்துறதுக்கு முன்னாடி எழுத்துப்பிழை இருக்கான்னு ரெண்டு தடவை படிங்க. அக்கவுண்ட் பிரைவேட்ல இருந்தா யாரும் அந்த ஆடியோவை எடுக்கவே முடியாது, அதையும் பாத்துக்குங்க.