ஸ்கேன் செய்த ட்ரையல் பேலன்ஸை இம்போர்ட் பத்திகளில் அடுக்குவது: கேள்வி பதில்

ஓசிஆர் போட்டு எக்ஸெலில் எடுத்துவிட்டேன். கணக்குப் பேக்கேஜ் Code, Name, Debit, Credit என்று நான்கு பத்தி கேட்கிறது. வேண்டாத வரிகளை அழித்துவிட்டு அப்படியே அடுக்கிவிடலாமா சார்?

அழிக்காதீர்கள். ஓசிஆர் தந்த வரிகள் எதையும் விடாமல் ஒரு மூல ஷீட்டில் வையுங்கள். இம்போர்ட்டுக்குப் போவதை இன்னொரு ஷீட்டில் ஃபார்முலா வழியாக எடுங்கள். மூல ஷீட்டில் ஏழு பத்திகள் போதும்: A பக்க எண், B வரி எண், C வரியின் வகை, D கணக்குக் கோடு எண், E பெயர், F பற்று, G வரவு. பக்க எண்ணும் வரி எண்ணும் இருந்தால்தான், தொகை உதைக்கும்போது காகிதத்தில் எந்த வரியைப் பார்ப்பது என்று தெரியும்.

வகைப் பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்து போடுங்கள். கணக்கு வரிக்கு ‘க’, குழுத் தலைப்புக்கு ‘த’, மொத்த வரிக்கு ‘ம’. மொத்த வரி இம்போர்ட்டுக்குள் நுழைந்தால் அந்தக் குழு இரண்டு முறை எண்ணப்படும். அதனால்தான் எல்லோரும் முதலில் அதை அழிக்கிறார்கள். ஆனால் ஓசிஆர் சரியாகப் படித்ததா என்று சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி, காகிதத்தில் அச்சான அந்த மொத்தங்கள்தான். அவை மூல ஷீட்டில் கடைசிவரை இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன்பே A முதல் G வரையுள்ள பத்திகளை மட்டும் Text வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும் கேள்விகளில் புரியும்.

பற்று மொத்தமும் வரவு மொத்தமும் 21800 வித்தியாசம் காட்டுகிறது. ஒரு தொகை பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்க்க அதன் பாதி 10900-ஐத் தேடினேன். அந்தத் தொகை எந்த வரியிலும் இல்லை. வரிகள் இவை:

```
0101 ரொக்கம்            4,350
0102 வங்கி             38,200
0110 கடனாளிகள்         27,600
0120 தொடக்கச் சரக்கு    15,900
0130 தளவாடம்           42,000
0139 திரண்ட தேய்மானம்    8,400
0210 கடனீந்தோர்                  19,750
0300 மூலதனம்                    60,000
0400 விற்பனை                    96,500
0500 கொள்முதல்         41,300
0510 சம்பளம்           12,000
0520 வாடகை             8,300
```

காகிதத்தில் இரண்டு பக்கமும் 184650 என்று அச்சாகியிருக்கிறது.

பற்றை வரவோடு ஒப்பிட்டதுதான் உங்களைச் சுற்ற வைத்தது. இரண்டு பிழைகள் கலந்தால் அந்த வித்தியாசம் எதையும் சொல்லாது. ஒவ்வொரு பத்தியையும் அதன் அச்சு மொத்தத்தோடு தனியாக ஒப்பிடுங்கள்.

உங்கள் பற்று 198050 வருகிறது, 13400 கூடுதல். வரவு 176250 வருகிறது, 8400 குறைவு. 8400 என்றதும் கண்ணில் படுவது திரண்ட தேய்மானம். அது வரவு இருப்பு, உங்கள் ஷீட்டில் பற்றுப் பத்தியில் நிற்கிறது. பற்றுப் பத்தி காலியாக இருக்கும் வரியில் ஓசிஆர் அந்தக் காலியிடத்தை விழுங்கிவிட்டு, வரவுத் தொகையை இடப்பக்கம் இழுத்துவிடும். சாய்ந்த ஸ்கேனில் இது அதிகம். அதை G பத்திக்கு மாற்றினால் வரவு சரியாகிவிடும், பற்றில் 5000 மட்டும் மிஞ்சும்.

ஓர் இலக்கத்துக்குப் பின்னால் வெறும் பூஜ்யங்கள் என்று வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் ஒரே ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 5000 என்றால் ஆயிரமிடத்தில் ஐந்து கூடியிருக்கிறது. மங்கிய அச்சில் 3 என்பது 8 ஆவது வழக்கம். ஆகவே ஆயிரமிடத்தில் 8 உள்ள பற்று வரிகளை மட்டும் பாருங்கள். இரண்டுதான் இருக்கின்றன: வங்கி 38,200, வாடகை 8,300. ஸ்கேனைப் பெரிதாக்கி இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

கேட்டவர்: வாடகைதான். காகிதத்தில் 3,300. இரண்டு பக்கமும் 184650 வந்துவிட்டது.

மூல ஷீட்டில் F, G இரண்டிலும் மாற்றிய கலங்களுக்கு ஒரு நிறம் கொடுத்து வையுங்கள். நிறமில்லாத எல்லாம் ஓசிஆர் தந்தது என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியும்.

வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதானே கணக்குப் பிள்ளைகளின் பழைய விதி? மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதை ஏன் சொல்லவில்லை?

அந்த விதி சரி, ஆனால் அது கையால் தட்டச்சு செய்பவரின் பிழைக்கு ஏற்பட்டது. மனிதர் 38,200-ஐ 32,800 என்று அடிப்பார். ஓசிஆர் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றாது. ஒவ்வோர் உருவத்தையும் அதனதன் இடத்தில் படித்துத் தவறும், இல்லையென்றால் ஒன்றை விட்டுவிடும். வாடகையில் வந்த 5000 ஒன்பதால் வகுபடவில்லை, பாருங்கள். அந்த விதியை மட்டும் நம்பினால் இங்கே கைவிட்டிருப்பீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் ஸ்கேனுக்கும் அது உதவும். கடைசிப் பூஜ்யம் விழுந்து 42,000 என்பது 4,200 ஆகிவிட்டால் வித்தியாசம் 37800. இது ஒன்பதால் வகுபடும், ஈவு 4200. அதாவது ஷீட்டில் தவறாக நிற்கும் தொகையே ஈவாகக் கிடைத்துவிடுகிறது.

கமா புள்ளியாக மாறுவது இன்னொரு வகை. 3,300 என்பது 3.300 ஆனால் மதிப்பு 3.3, வித்தியாசம் 3296.70. காகிதத்தில் எல்லாம் முழுத் தொகையாக இருக்கும்போது வித்தியாசத்தில் தசமம் தலைகாட்டினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதை 0.999-ஆல் வகுங்கள், 3300 வந்து நிற்கும். ஒரே வரியில் இந்தப் பிழை இருக்கும்வரை இது வேலை செய்யும்.

எனக்கு வரிகளெல்லாம் காகிதத்தோடு பொருந்துகின்றன, நானே ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஆனாலும் SUM குறைவாகக் காட்டுகிறது. எக்ஸெலில் கோளாறா?

சில தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கின்றன. SUM எழுத்துக் கலங்களை எச்சரிக்கை எதுவும் தராமல் தாண்டிப்போகும். ஓசிஆர் ஏற்றுமதியில் தொகைக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும் ஒருவகை இடைவெளியை TRIM-ம் நீக்காது. H2-வில் இதைப் போட்டு, I பத்திக்கும் கீழேயும் இழுங்கள்:

```
=NUMBERVALUE(SUBSTITUTE(F2,UNICHAR(160),""),".",",")
```

காலிக் கலத்துக்கு 0 தரும். 4,3S0 போல எழுத்து நுழைந்திருந்தால் #VALUE! என்று கத்தும். அது நமக்கு நல்லதே, அதை IFERROR போட்டு மறைக்காதீர்கள். கணக்கு வரிகளின் மொத்தம் இப்படி:

```
=SUMIFS(H:H,C:C,"க")
```

பிழைக் கலம் இருந்தால் முதலில் மூலத்தில் திருத்திவிட்டு மொத்தத்தைப் பாருங்கள்.

எங்கள் கோடுகள் 0101 என்று தொடங்குகின்றன. இம்போர்ட் செய்தால் “கணக்கு இல்லை” என்று பாதி வரிகள் திரும்பி வருகின்றன. தொகை எல்லாம் சரி.

முன்னால் இருந்த பூஜ்யம் போய் 101 ஆகியிருக்கும். சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து எக்ஸெலில் திறந்து, சும்மா பார்த்துவிட்டுச் சேமித்தாலே இது நடந்துவிடும். சேமித்த கோப்பைச் சரிபார்க்க நோட்பேடில் திறங்கள். எக்ஸெலில்தான் வேண்டுமென்றால் Data மெனுவில் From Text/CSV வழியாகப் போய், கோடு பத்தியை Text ஆக்குங்கள். சேமிக்கும்போது CSV UTF-8 தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

மொத்தம் சரியாக இருப்பது கோடு சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. 0510 என்பது 0310 என்று படிக்கப்பட்டால், சம்பளம் மூலதனக் குழுவில் போய் உட்காரும், தொகையோ நேராகவே நிற்கும். பேக்கேஜிலிருந்து கணக்குப் பட்டியலை எடுத்து Chart என்ற ஷீட்டில் Text ஆக வைத்து ஒப்பிடுங்கள்:

```
=ISNA(MATCH(D2,Chart!A:A,0))
```

TRUE வரும் வரி பட்டியலில் இல்லாதது. இதற்கு COUNTIF வேண்டாம், அது 0101-ஐயும் 101-ஐயும் ஒன்றாகவே எண்ணும். தவறான கோடும் பட்டியலில் இருந்துவிட்டால் MATCH-ம் பிடிக்காது. அதற்காக அந்தக் கோட்டுக்குப் பேக்கேஜ் வைத்திருக்கும் பெயரை ஒரு பத்தியில் வரவழைத்து, ஸ்கேனில் வந்த பெயருக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

எங்களுடையதில் ஒரே தொகைப் பத்தி. வரவு இருப்புகள் அடைப்புக்குறிக்குள்.

ஓசிஆர் ஒரு பக்க அடைப்பை 1 என்றோ C என்றோ படிக்கும், சில நேரம் விட்டேவிடும். அடைப்புள்ள வரிகளைக் கண்ணால் பார்த்து, அடைப்பை நீக்கித் தொகையை G பத்திக்கு மாற்றிவிடுங்கள். எத்தனை அடைப்புகள் காகிதத்தில் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு, G-யில் அத்தனை தொகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இறுதிச் சரக்கு அடியில் தனியாக அச்சாகியிருக்கிறது. அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன், இப்போது பற்று அதிகமாக வருகிறது. ஸ்கேன் பிழையா?

ஸ்கேன் பிழை இல்லை. அந்த வரி ட்ரையல் பேலன்ஸுக்குள் வராத குறிப்பு. பற்றில் இருப்பது தொடக்கச் சரக்குதான், இறுதிச் சரக்கு பிறகு சரிக்கட்டுப் பதிவாக வரும். வகைப் பத்தியில் அதற்கும் ‘த’ போடுங்கள், மொத்தத்தில் சேராது.

கடனாளிகள் 27,600 வரியை மட்டும் பேக்கேஜ் ஏற்க மறுக்கிறது.

பல பேக்கேஜ்களில் அது கட்டுப்பாட்டுக் கணக்கு. வாடிக்கையாளர்வாரியாகத்தான் உள்ளே வாங்கும், மொத்தமாக வாங்காது. வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருந்தால் அதைத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள், கூட்டுத்தொகை 27600 வர வேண்டும். கடனீந்தோர் 19750-க்கும் இதே கதிதான். இந்த ஏற்றம் எதிர்ப்பதிவை எந்தக் கணக்கில் போடுகிறது என்பது பேக்கேஜுக்குப் பேக்கேஜ் மாறும், ஆகவே சோதனை நிறுவனம் ஒன்றில் ஒரே ஒரு வாடிக்கையாளரை ஏற்றிப் பாருங்கள்.

காகிதமே சேரவில்லை என்றால்? அச்சில் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் 90 வித்தியாசம்.

முதலில் அச்சு வரிகளைக் கூட்டினால் அச்சு மொத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஸ்கேன் சுத்தம், பிழை கணக்கில் இருக்கிறது. தயாரித்தவரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம். இங்கே 9-ஆல் வகுக்கும் அந்த விதி பொருந்தும், 90 இடம் மாறிய இலக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இடையில் ஒருவர்: அதற்காக வேலையை நிறுத்த முடியுமா? அனாமத்துக் கணக்கில் 90-ஐப் போட்டு ஏற்றிவிட்டு, பிறகு நேர் செய்வதுதான் நடைமுறை.

ஏற்றலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உள்ள தயக்கம், 90 என்பது இரண்டு பெரிய பிழைகளின் மீதியாகவும் இருக்கலாம் என்பதே. போடுவதானால் அந்த வரியை இம்போர்ட் ஷீட்டில் தனியாக, கடைசியில், காரணம் எழுதிப் போடுங்கள். வேறொரு கணக்கின் தொகையோடு கலந்து போடாதீர்கள்.

அதே நபர்: காரணம் எழுதும் பத்தி எங்கள் இம்போர்ட் வடிவத்தில் இல்லை.

அப்படியானால் பெயர்ப் பத்தியிலேயே ‘அனாமத்து: மூலத்தில் 90 குறைவு’ என்று எழுதுங்கள். பேக்கேஜ் கோட்டை வைத்துப் பொருத்துவதாக இருந்தால் பெயர் மாறுவதால் வரி நிராகரிக்கப்படாது. பெயரை வைத்துப் பொருத்தினால் இது செல்லாது, மூல ஷீட்டில்தான் குறித்து வைக்க வேண்டும்.