பேரன் சொல்லும் பச்சை விளக்கு

கேள்வி: அன்புள்ள அம்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான என் அப்பாவுக்கு 66 வயது. அடுத்த மாதம் அவருடைய ஓட்டுநர் உரிமம் முடிகிறது. புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போனால், கண் சரியில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நாற்பது வருடமாக ஒரு கீறல்கூட இல்லாமல் கார் ஓட்டியவர், இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் டியூஷனுக்குப் போகும்போது என் எட்டு வயது மகன் முன் சீட்டில் உட்கார்ந்து, "தாத்தா, பச்சை விழுந்துவிட்டது" என்று சொல்வான். இருவருக்கும் அதில் அவ்வளவு சந்தோஷம். பணம் கொடுத்தால் வேறு டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருவதாக ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் டிரைவிங் ஸ்கூல்காரர் அல்ல, உங்கள் மகன். பச்சை விழுந்ததைப் பேரன் ஏன் சொல்ல வேண்டும்? தாத்தாவுக்குத் தெரியவில்லை, அதனால்தான். எட்டு வயதுப் பையனைக் கண்ணாக வைத்துக்கொண்டு ஒரு கார் ஊருக்குள் ஓடுகிறது. அதைச் சந்தோஷம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். ஒருநாள் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

டாக்டர் எதைக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதுதான் படிவத்திலுள்ள கேள்வி. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். இதைவிட எளிய பரீட்சை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே வைத்துப் பாருங்கள். தெருவில் நிற்கும் அடுத்தவர் காரிலிருந்து முப்பத்து மூன்று எட்டு நடந்தால் ஏறக்குறைய 25 மீட்டர். சொந்தக் காரின் எண் அவருக்கு மனப்பாடம், அது வேண்டாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், தலைமையாசிரியர்களும்தான். பிறகு மற்றக் கண். அப்பா எண்ணை ஊகிக்கத் தொடங்கினாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

காசு கொடுத்து வாங்கும் கையெழுத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். படிவம் 1-இல், நம்பர் பிளேட் தெரிகிறது என்று அப்பாவே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளின் பொய்க் கையெழுத்தை வாழ்நாளெல்லாம் கண்டுபிடித்தவரிடம் அந்தத் தாளை நீட்டப்போவது நீங்கள்தானா?

செய்ய வேண்டியது வேறு. கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆறு மீட்டர் தள்ளி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். படிக்கத் திணறினால், நடுவில் ஊசித்துளை போட்ட சிறு தட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். துளை வழியாக எழுத்து தெளிந்தால், குறை பெரும்பாலும் கண்ணாடியின் பவரில்தான். கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதே டாக்டரிடம் போய் நிற்கலாம். துளையிலும் தெளியவில்லை என்றால் கண்புரையா, விழித்திரையா, பார்வை நரம்பா என்று தேடுவார்கள். மாலையில் சிக்னல் தெரியவில்லை என்கிறபோது எனக்கு முதலில் தோன்றுவது புரைதான். புரை விழுந்த கண்ணில் எதிர்வெயிலும் எதிரே வரும் வண்டியின் விளக்கும் சிதறி எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். அறுவைக்குப் பிறகு, கண் ஆறிப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதோடு பலருக்கு 25 மீட்டர் தானாகத் திரும்பி வந்துவிடும். கண் அழுத்த நோயாக இருந்தால் கதை வேறு. அதில் பக்கப் பார்வை ஓசையில்லாமல் போகும், போனது திரும்பாது. நேரே உள்ள எழுத்தைக் கடைசி வரை படித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் வரும் சைக்கிள் மட்டும் தெரியாது. ஆகவே பலகையைப் படித்துவிட்டார் என்று எழுந்து வந்துவிடாமல், பக்கப் பார்வையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், கூசும். திரும்பி வரும்போது வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்த மாதம் என்று பதற வேண்டாம். உரிமம் முடிந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்டாமலே புதுப்பித்துக்கொள்ளலாம். அறுவைக்கும் கண்ணாடிக்கும் அந்த நாள் தாராளம். ஆனால் அதுவரை அவர் ஓட்டக் கூடாது. உரிமம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று முன்பு இருந்த சலுகையை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

உரிமத் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். டாக்டர் மறுத்த அன்றே ஓட்டுவது நின்றிருக்க வேண்டும். அப்பாவின் மனம் உடைந்தது என்கிறீர்கள். பெற்ற பிள்ளை ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து பார்க்காததால்தான், உடைய வேண்டியது டாக்டர் அறையில் உடைந்திருக்கிறது. டியூஷனுக்கு இனி நீங்கள் அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் ஆட்டோ வையுங்கள். கார்ச் சாவியை இன்று இரவே கேளுங்கள். நீங்களே கேளுங்கள், பேரனை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள்.