மூணு வட்டியும் மூணு மணி விழிப்பும்: சிங்கப்பூர்த் தொழிலாளர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (புதுக்கோட்டைக்காரர், துவாஸ் சைட்): அண்ணே, வந்து எட்டு மாசம் ஆச்சு. ஏஜண்டுக்குக் கட்டுன மூணு லட்சம் மூணு வட்டிக்கு வாங்குனது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, அப்புறம் தூக்கமே இல்ல. ஏதாவது மாத்திரை சொல்லுங்க.

பதில்: மாத்திரை சொல்ல மாட்டேன் தம்பி. ரூமில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். தூக்க மாத்திரையின் மயக்கம் காலை வரை நிற்கும். ஐந்தரைக்கு லாரி ஏறி ஏழு மணிக்குச் சாரத்தில் நிற்கும் ஆளுக்கு அது ஆபத்து.

விழித்ததும் மனசு என்ன செய்கிறது? கணக்குப் போடுகிறது என்றால், அந்தக் கணக்கைப் பகலில் தாளில் போட்டு முடிக்க வேண்டும். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் தொகையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாடு, போன் போக மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளி மிஞ்சுகிறது, வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 39,000. வீட்டுச் செலவுக்கு 25,000 போனால் கடனுக்கு 14,000. மூன்று லட்சத்துக்கு மூணு வட்டி மாதம் 9,000. ஆக அசலுக்கு மிஞ்சுவது 5,000.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த 5,000-ஐ கடன் கொடுத்தவர் மாதாமாதம் அசலில் வரவு வைத்தால், அடுத்த மாத வட்டி குறையும், கடன் 35 மாதத்தில் தீரும். "அசலை மொத்தமாகக் கொடு, அதுவரை வட்டி மட்டும் கட்டு" என்று அவர் சொன்னால் வட்டி 9,000-லேயே நிற்கும். ஐயாயிரம் ஐயாயிரமாகச் சேர்த்து மூன்று லட்சம் ஆக 60 மாதம். அனுப்புகிற பணம் ஒன்றுதான், வித்தியாசம் இரண்டு வருடத்துக்கு மேல். "மாசாமாசம் கட்டுறேன், கடன் அப்படியே நிக்குது" என்று ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால், பலர் விஷயத்தில் காரணம் இதுதான். மனசு பொய் சொல்லவில்லை, கடன் நிஜமாகவே அப்படியே நிற்கிறது.

அதனால் முதல் வேலை, ஊரில் நம்பிக்கையான ஒருவரை அனுப்பி அவர் பகுதி பகுதியாக அசல் வாங்குவாரா என்று கேட்பது. வாங்கினால் ஒவ்வொரு தடவையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால், வீட்டு நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனை மொத்தமாக அடைக்க முடியுமா பாருங்கள். ஒரு ரூபாய் வட்டிக்கு அதே 14,000 கட்டினால் 25 மாதத்தில் முடியும். ஆனால் தவணை முடிகிற தேதியைக் குறித்து வையுங்கள். வட்டி கட்டித் திருப்பி வைக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அது இதைவிடப் பெரிய இடி.

இன்னொன்று நேரக் கணக்கு. ஊரில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பேச உட்காரும் ஒன்பது மணி, உங்களுக்குப் பதினொன்றரை. பேசி முடிக்கப் பன்னிரண்டரை, எழுவது நாலரை. இதில் பணப் பேச்சும் சேர்ந்தால் தூக்கம் எப்படி வரும்? பணப் பேச்சை ஞாயிறு பகலுக்குத் தள்ளுங்கள். வார நாளில் லாரி திரும்பும்போதே ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, வீட்டுக்குப் பேசவே பிடிக்கவில்லை என்றும் சேர்ந்தால், இது கணக்கோடு நிற்கிற விஷயம் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பின் எண் 3129 5000, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் டாம், தொழிலாளர் விடுதி): ரெண்டு மாசமா சம்பளம் வரல. மனசே சரியில்ல. என்ன பண்றது?

பதில்: உங்களுக்கு முதலில் வேண்டியது சம்பளம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், ஓடி என்கிற கூடுதல் நேர வேலைப் பணம் பதினாலு நாளுக்குள். நாளைக்கே 6536 2692, வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை அழையுங்கள். புகாருக்குக் கெடு உண்டு, வேலையில் இருக்கும்போது ஒரு வருடம், வேலையை விட்டபின் ஆறு மாதம். வேலை அனுமதிக்கு முன் வந்த ஐபிஏ ஒப்புதல் கடிதம், பே ஸ்லிப், டைம் கார்டு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எனக்கும் தூக்கம் இல்ல அண்ணே. மாத்திரை பேரு மட்டும் சொன்னா போதும்.

பதில்: மேலே படியுங்கள். சாரம் ஏறுகிறவருக்கு நான் பேர் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஜூரோங், வெல்டிங்): எங்க ரூம்ல ஒரு தம்பி ஒரு வாரமா யார்கிட்டயும் பேசல. கேட்டரிங் பாக்கெட்ட அப்படியே குப்பைல போடுறான். நேத்து புது ஷூவையும் பவர் பேங்கையும் "நீயே வச்சுக்க"ன்னு எங்கிட்ட குடுத்துட்டான். கேட்டா ஒண்ணுமில்லங்கிறான். கேட்டுக் கேட்டு நாமளே எண்ணத்தத் தூண்டி விட்டுருவோமோன்னு பயமா இருக்கு.

பதில்: இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாம் காத்திருக்கலாம். பொருளைக் கொடுத்துவிடுவது சாதாரண விஷயம் இல்லை. இன்றைக்கே கேளுங்கள், தனியாகக் கூப்பிட்டு, நேராக. "தம்பி, சாகலாம்னு தோணுதா?" இதே வார்த்தை. கேட்பதால் எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்றுதான் ஆகும். "தப்பா ஒண்ணும் நினைக்கலையே?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு "இல்ல" என்ற பதில்தான் வரும்.

ஆமாம் என்றாலோ, பேசாமல் அழுதாலோ, அடுத்து "எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் ஒரு நிமிடம் கூடத் தனியாக விடாதீர்கள். கழிவறைக்கும் ஒருவர் கூடப் போகட்டும். அவரை வைத்துக்கொண்டே 3129 5000-க்கு அடியுங்கள். ஏதாவது செய்துவிட்டார் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்க வேண்டாம், 2020 ஜனவரி முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றம் இல்லை.

"பொண்டாட்டி புள்ளைய நினைச்சுப் பாரு" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்பதுதான் பல சமயம் அவர் எண்ணமே. கடன் தெரியவந்தால் கணக்குப் பேச்சு இன்று வேண்டாம், ஆள் தேறிய பிறகு. முடிந்தால் நாளை எழுதுங்கள், என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி (நுவரெலியா, பிடோக்கில் வீட்டு வேலை): அக்காவா அண்ணாவா தெரியல்ல. நாலு மாசமா லோன் எண்டு சம்பளத்தில பிடிக்கினம், கைக்கு ஒண்டும் வரல்ல. போன் ராத்திரி பத்துக்குப் பிறகுதான் தருவினம். லீவும் இல்ல. கதைக்க ஒருத்தரும் இல்ல. பைத்தியம் பிடிச்சிரும் போல.

பதில்: அண்ணாதான் தங்கச்சி. முதலில் லீவு. மாதத்தில் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம், அதைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, 2023 ஜனவரி முதல் இதுதான் சட்டம். முதலாளியம்மாவிடம் இதைச் சொல்லி ஒரு ஞாயிறைக் கேளுங்கள். அன்று வீட்டிலேயே இருக்காதீர்கள், இருந்தால் வேலை வந்துவிடும்.

லோன்: இங்குள்ள ஏஜன்சி உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் பிடிப்பது பெரும்பாலும் ஊர் ஏஜண்டு எழுதிய கடன். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியும் மாதம் தெரியாமல் பிடித்தம் கொடுப்பதுதான் மனசை உடைக்கிறது. தெரிந்தால் நாளை எண்ணலாம்.

வீட்டுப் பணியாளர் நிலையம் 1800 2255 233. அடித்தாலோ, சாப்பாடு தராவிட்டாலோ ஓய்வு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள்.

கேள்வி (சிவகங்கை, மனைவி): அவர் சிங்கப்பூர்ல இருக்கார். சம்பளம் எவ்வளவுன்னு ரெண்டு வருஷமா சொல்லல. கேட்டா கோபம், போனை வச்சிடறார். குடிக்கிறாரோன்னு பயம்.

பதில்: குடியாக இருக்கலாம். ஆனால் பல பேர் சொல்லாமல் விடுவது வெட்கத்தில். ஊரில் "அறுபதாயிரம்" என்று சொல்லிக் கிளம்பியவர் கையில் முப்பத்தைந்தாயிரம்தான் வருகிறது, மிச்சத்தை ரூமில் கைமாற்று வாங்கி அனுப்புகிறார். "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்காமல் "இந்த மாசம் எவ்வளவு அனுப்பினா உங்களுக்குக் கஷ்டம் இல்ல?" என்று கேட்டுப் பாருங்கள். கணவர்மாரும் வீட்டில் ஒருவரிடமாவது உண்மைச் சம்பளத்தைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (செங்காங், பைப் ஃபிட்டர்): இது தப்பு அண்ணே. சம்பளத்தச் சொன்னா அன்னைக்கே மாமனார் காதுக்குப் போகும், அடுத்த வாரம் மச்சானுக்கு பைக். சொல்லாம இருக்கறதுதான் நிம்மதி. நான் நாலு வருஷம் சொல்லல, கடனெல்லாம் அடைச்சிட்டேன்.

பதில்: சொந்தக்காரர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பத்துப் பேருக்குத் தெரிந்தால் பத்துக் கை நீளும். ஆனால் நான் சொல்வது ஒருவரிடம் சொல்வதைப் பற்றி. யாரிடமும் சொல்லாதவர் ஒவ்வொரு அழைப்பிலும் நடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளில் நடிக்க முடியாமல் போன் எடுப்பதையே நிறுத்துகிறார். போன் நின்ற பிறகு எதற்கு உழைக்கிறோம் என்பதே மங்கிவிடுகிறது.

கேள்வி (சிவகங்கை, மனைவி): சொன்னாத்தானே எங்களுக்கும் தெரியும் செங்காங் அண்ணே? அவர் கஷ்டம் தெரியாம நான் போன மாசம் வீட்டுக்கு டைல்ஸ் போட்டேன்.

கேள்வி (செங்காங், பைப் ஃபிட்டர்): உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா சொல்லலாம் தங்கச்சி. எங்க வீட்ல அப்படி இல்ல.

பதில்: அவர் வீட்டை அவர்தான் அறிவார், அதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத வீடு என்றால் ஒரு நடுவழி உண்டு. மாதம் ஒரே தேதி, ஒரே தொகை என்று வையுங்கள். ஓடி அதிகம் வந்த மாதமும் கூட்டாதீர்கள், ஒரு தடவை கூட்டினால் அதுவே அளவாகிவிடும். மிஞ்சுவது நேராக அசலுக்கு. இதில் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (துவாஸ்): எந்த ஆப்ல அனுப்பினா ரேட் நல்லா கிடைக்கும்?

பதில்: அது இன்றைய பேச்சு இல்லை. கட்டணத்தையும் ரேட்டையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் ஏடிஎம் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கிராஞ்சி டாம்): டாக்டர்கிட்ட மனசு சரியில்லன்னு சொன்னா கம்பெனி பெர்மிட்ட கேன்சல் பண்ணி அனுப்பிடுவானா?

பதில்: அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. முதலாளி எப்போது வேண்டுமானாலும் பெர்மிட்டை ரத்து செய்ய முடியும். கம்பெனி பணம் கட்டும் கிளினிக்குக்குப் போனால் பில் வழியாகக் கூட விஷயம் எட்டலாம். அதனால்தான் முதலில் ஹெல்த்சர்வ் ஆலோசகரிடம் போகச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய அவர்கள் கம்பெனியிடம் சொல்வதில்லை. மருந்து தேவைப்பட்டால் கம்பெனிக்கு எப்படிச் சொல்வது என்பதையும் அவர்களோடு சேர்ந்தே முடிவெடுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பலனில்லை என்றோ, நன்றாயிற்று என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்பிக்கும்போது உயரத்தில் வேலை செய்பவர் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி (ஈஷூன்): ஃப்ரெண்ட் ஊர்லேர்ந்து தூக்க மாத்திரை கொண்டு வந்திருக்கான், பாதி போடலாமா?

பதில்: கூடாது. பாதியும் கூடாது. பீரோடு சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

கேள்வி (ஜூரோங், வெல்டிங்): கேட்டேன் அண்ணே. நீங்க சொன்ன அதே வார்த்தைலதான் கேட்டேன். அரை மணி நேரம் அழுதான். ஊர்ல நகை ஏலத்துக்குப் போயிடுச்சாம், வீட்டுக்கே தெரியாதாம். போன் போட்டோம், தமிழ்ல ஒரு அம்மா பேசுனாங்க. இப்ப தூங்குறான். நாங்க நாலு பேரும் மாத்தி மாத்தி முழிச்சிருக்கோம்.

பதில்: சரியாகச் செய்திருக்கிறீர்கள். நாளை அவரை சைட்டுக்கு அனுப்ப வேண்டாம். அந்த அம்மா சொன்ன நேரத்துக்கு நீங்களே கூடப் போங்கள். நாலு பேரும் முழித்தால் நாளை நாலு பேருமே சாரத்தில் தடுமாறுவீர்கள். இரண்டு பேர் இப்போதே படுங்கள்.